இடுபணியின் கடைசிப் பக்கம்: எந்தப் பட்டியலைக் கொடுப்பது?

இடுபணித் தாளின் கடைசி வரியில் `Rujukan` என்று இருக்கும். அதே பாடத்தின் மதிப்பீட்டு அட்டவணையில் `Bibliografi` என்று இருக்கும். வகுப்பு முடிந்து வெளியே போகும் நேரத்தில் விரிவுரையாளர், "துணைநூல் பட்டியலை மறந்துவிடாதீர்கள்" என்பார். முதலாம் ஆண்டு மாணவர் மூன்றும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டு, மேசையில் கிடந்த நூல்களையெல்லாம் அகர வரிசையில் அடுக்கிக் கொடுத்துவிடுகிறார். கோலாலம்பூரில் மாணவர்களின் இடுபணிகளைப் படித்துத் திருத்தித் தருவது என் வேலை. கட்டுரை நன்றாக இருந்தும் கடைசிப் பக்கத்தில் மதிப்பெண் சிந்துவதை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். இந்தப் பெயர்களுக்குப் பின்னால் மூன்று வேறு வேறு பட்டியல்கள் இருக்கின்றன. எதைக் கொடுப்பது என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் இருக்கிறது.

மூன்றையும் பிரிக்கும் கோடு

முதலாவது, ரெஃபரன்ஸ் லிஸ்ட் எனப்படும் மேற்கோள் பட்டியல். கட்டுரையின் உடலில் நீங்கள் பெயர் சொல்லிச் சுட்டிய ஆதாரங்கள் மட்டுமே இதில் இருக்கும். உடலில் சுட்டாத ஒன்று பட்டியலில் இருக்கக் கூடாது; சுட்டிய ஒன்று பட்டியலில் விடுபடவும் கூடாது. சில விதிவிலக்குகள் உண்டு, அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது, ஒர்க்ஸ் கன்சல்ட்டட் எனப்படும் பார்வைநூல் பட்டியல். கட்டுரைக்காக நீங்கள் உண்மையிலேயே படித்தவை அனைத்தும் இதில் வரலாம், உடலில் சுட்டியிருந்தாலும் சுட்டாவிட்டாலும். 'படித்தவை' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். நூலகத்தின் தேடுபக்கத்தில் தலைப்பை மட்டும் கண்ட நூல் பார்வைநூல் ஆகாது.

மூன்றாவது, பிப்ளியோகிராஃபி எனப்படும் துணைநூற்பட்டியல். குழப்பத்தின் ஊற்று இதுதான், ஏனென்றால் இந்தப் பெயரை ஆளுக்கு ஒரு பொருளில் ஆள்கிறார்கள். அடிக்குறிப்பு போட்டு எழுதும் வரலாற்று, இலக்கியக் கட்டுரைகளில் இது கட்டுரையின் இறுதிப் பட்டியலுக்கான முறையான பெயர். அடிக்குறிப்பில் வந்தவற்றோடு, பின்னணிக்காகப் படித்தவையும் இதில் இடம் பெறலாம். நூலகத்தாருக்கோ இது ஒரு பொருளைப் பற்றி வெளிவந்தவற்றின் தொகுப்பு. 'குறிப்புரையுடன் கூடிய துணைநூற்பட்டியல்' என்று விரிவுரையாளர் கேட்டால், ஒவ்வொரு நூலுக்கும் கீழே அது என்ன சொல்கிறது, உங்கள் ஆய்வுக்கு எவ்வளவு பயன்படும் என்று ஒரு பத்தி எழுதச் சொல்கிறார் என்று பொருள். அது தனி இடுபணி. கட்டுரையின் வால் அல்ல.

ஆகவே நூலின் தரமோ வகையோ இங்கே கோடு கிழிப்பதில்லை. கட்டுரையின் உடலில் அந்த நூலை நோக்கி நீட்டிய ஒரு விரல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தால் மேற்கோள் பட்டியலுக்கு உரியது. படித்தது உண்மை, ஆனால் விரல் இல்லை என்றால் பார்வைநூல். இரண்டும் இல்லை என்றால் அதற்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

முதல் படி: எந்த நடை என்று பாருங்கள்

பட்டியலின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். இடுபணித் தாள் எந்த மேற்கோள் நடையைக் கேட்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும்.

ஏபிஏ என்றால் யோசிக்கவே வேண்டாம். அது மேற்கோள் பட்டியல் மட்டுமே. தலைப்பு `References`, மலாய்க் கட்டுரையானால் `Rujukan`. 2019-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பும் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறது: பின்னணி வாசிப்புக்கான நூல்கள் பட்டியலில் சேராது. இடுபணித் தாளில் 'ஏபிஏ நடையில் பிப்ளியோகிராஃபி' என்று எழுதியிருந்தால், பத்தில் ஒன்பது முறை எழுதியவர் மனத்தில் இருப்பது மேற்கோள் பட்டியல்தான் என்பது என் கணிப்பு. அந்தப் பத்தாவது ஆளுக்காகத்தான் கேட்டுவிடச் சொல்கிறேன். எப்படிக் கேட்பது என்பதைக் கீழே சொல்கிறேன்.

எம்எல்ஏ நடையில் வழக்கமான தலைப்பு `Works Cited`. உடலில் சுட்டியவை மட்டும். சுட்டாமல் படித்தவற்றையும் சேர்க்கச் சொன்னால் தலைப்பை `Works Consulted` என்று மாற்ற வேண்டும். தலைப்பை மாற்றாமல் நூல்களை மட்டும் சேர்ப்பது பிழை, ஏனென்றால் தலைப்பே வாசகருக்கு 'இவை சுட்டப்பட்டவை' என்று உறுதி கூறுகிறது.

சிகாகோ என்று மட்டும் சொன்னால் அது பாதிச் செய்தி. அதில் இரண்டு முறைகள் உண்டு. பக்கத்தின் அடியில் எண் போட்டுக் குறிப்பு எழுதும் முறைக்கு இறுதியில் `Bibliography` வரும். அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் போடும் முறைக்கு `References` வரும். அடிக்குறிப்பு இருக்கிறதா என்று பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

ஹார்வர்ட் என்றால் கவனமாக இருங்கள். பெயர் பெரிதே தவிர, ஏபிஏ-க்கு இருப்பதுபோல் இதற்கு ஒரே அதிகாரப்பூர்வக் கையேடு கிடையாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென ஒரு ஹார்வர்ட் வைத்திருக்கிறது. சில இடங்களில் மேற்கோள் பட்டியல் மட்டும் போதும். சில இடங்களில் அதற்குக் கீழே தனியாகத் துணைநூற்பட்டியலும் கேட்பார்கள். உங்கள் புலத்தின் கையேட்டைத் திறக்காமல் இதற்கு விடை இல்லை.

பொறியியல், மருத்துவ மாணவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. அவர்களுடைய ஐஇஇஇ, வான்கூவர் நடைகளில் உடலில் முதலில் சுட்டியதற்கு எண் 1, அடுத்து சுட்டியதற்கு எண் 2 என்று போய், பட்டியலும் அதே எண் வரிசையில் வருகிறது. சுட்டாத நூலுக்கு எண்ணே கிடைக்காது. எனவே அது பட்டியலுக்குள் நுழையவும் முடியாது.

ஒரு இடுபணியை எடுத்துப் பார்ப்போம்

பினாங்கில் படிக்கும் ஒரு மாணவி, கங்காணி முறையில் மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களைப் பற்றித் தமிழில் இடுபணி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மேசையில் இருப்பவை இவை.

கெர்னியல் சிங் சந்து 1969-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தின் வழியாக வெளியிட்ட 'இந்தியன்ஸ் இன் மலாயா'. 1786 முதல் 1957 வரையிலான குடியேற்றத்தைப் பேசும் நூல். மாணவி இதிலிருந்து இரண்டு இடங்களில் செய்தி எடுத்து, ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் போட்டிருக்கிறார். அடுத்தது, சின்னப்பா அரசரத்தினத்தின் 'இந்தியன்ஸ் இன் மலேசியா அண்ட் சிங்கப்பூர்'. ஓர் இடத்தில் சுட்டியிருக்கிறார். மூன்றாவது, ரவீந்திர ஜெயின் 1970-இல் வெளியிட்ட 'சவுத் இந்தியன்ஸ் ஆன் தி பிளான்டேஷன் ஃபிரன்டியர் இன் மலாயா'. ஒரு ரப்பர் தோட்டத்துத் தென்னிந்தியர் வாழ்வை மானிடவியல் நோக்கில் ஆராய்ந்த நூல். மாணவி முழுதும் படித்தார். ஆனால் கட்டுரையில் எங்கும் பெயர் வரவில்லை.

நான்காவது, 1938-ஆம் ஆண்டு தமிழ் நேசன் நாளிதழின் செய்தி ஒன்றின் நகல். உதவி பெற்றுக் கூலி வேலைக்கு மலாயா செல்வதை இந்திய அரசு அந்த ஆண்டு தடை செய்தது. அதைப் பற்றிய பத்தியில் மாணவி இந்தச் செய்தியை மேற்கோள் காட்டியிருக்கிறார். ஐந்தாவது, பாகான் டாலாமில் இருக்கும் தம் பாட்டியிடம் தோட்டத்து லயத்து வீட்டைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்ட பேச்சு. அதையும் கட்டுரையில் இரண்டு வரி சொல்லியிருக்கிறார். ஆறாவது, பழைய தொழிலாளர் இலாகா அறிக்கையிலிருந்து ஒரு வரி. ஆனால் அறிக்கையை அவர் பார்த்ததில்லை; சந்துவின் நூலில் எடுத்தாளப்பட்டிருந்ததைக் கண்டார். ஏழாவது, ராஜேஸ்வரி அம்பலவாணர் 1981-இல் வெளியிட்ட நூல். நூலகத்தில் இரவல் போயிருந்தது, கைக்கு வரவில்லை. ஆனாலும் 'இந்தத் துறையில் முக்கியமான நூல்' என்று பட்டியலில் போட்டு வைத்திருக்கிறார். எட்டாவது, ஓர் அகராதி; சொற்பொருள் பார்த்ததோடு சரி.

இப்போது ஏபிஏ நடையில் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சந்து, அரசரத்தினம், தமிழ் நேசன் செய்தி, இந்த மூன்றுதான் பட்டியலுக்குள் போகும். பாட்டியின் பேச்சு போகாது. பதிவு செய்து பொதுவில் வைக்கப்படாத உரையாடல், மின்னஞ்சல் போன்றவற்றை வாசகர் தேடிப் பிடிக்க முடியாது என்பதால், ஏபிஏ அவற்றை உடலில் பேசியவர் பெயர், நாளோடு குறிப்பிட்டால் போதும் என்கிறது. நான் மேலே சொன்ன விதிவிலக்குகளில் இது முதன்மையானது. தொழிலாளர் இலாகா அறிக்கையும் போகாது. உடலில் 'அறிக்கை இவ்வாறு கூறுவதாகச் சந்து எடுத்துக்காட்டுகிறார்' என்று எழுதிவிட்டு, பட்டியலில் சந்துவை மட்டும் வைக்க வேண்டும். கண்ணால் பார்க்காத அறிக்கையைப் பார்த்ததுபோல் பட்டியலில் போடுவது, சந்து அதைத் தவறாக எடுத்தெழுதியிருந்தால் அந்தப் பிழையையும் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்வதாகும். ஜெயின், அம்பலவாணர், அகராதி ஆகியவற்றுக்கு இங்கே வேலையில்லை.

எம்எல்ஏ நடையில் `Works Cited` கேட்டால் நான்கு பதிவுகள் வரும்: அதே மூன்றோடு பாட்டியின் நேர்காணலும், பேசியவர் பெயரின் கீழ். `Works Consulted` கேட்டால் ஜெயினும் சேர்ந்து ஐந்தாகும்.

அடிக்குறிப்போடு சிகாகோ கேட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். அங்கே நாளிதழ்ச் செய்தியும் தனிப்பட்ட நேர்காணலும் பெரும்பாலும் அடிக்குறிப்போடு நின்றுவிடும். இறுதிப் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் ஜெயினைச் சேர்க்கலாம். ஆக, சந்து, அரசரத்தினம், ஜெயின் என்று மூன்று பதிவுகள். ஏபிஏ பட்டியலிலும் மூன்று, இதிலும் மூன்று. ஆனால் அதே மூன்றல்ல. துணைநூற்பட்டியல் என்றால் மேற்கோள் பட்டியலோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தது என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பது பாதிதான் சரி. ஒரு பக்கம் கூடும்போது இன்னொரு பக்கம் குறையவும் செய்கிறது.

மூன்று நடையிலும் அம்பலவாணரின் நூல் வெளியேதான் நிற்கிறது. பட்டியல் பருத்தால் மதிப்பெண்ணும் பருக்கும் என்ற நம்பிக்கை நம் மாணவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. துறையை அறிந்த விரிவுரையாளர் பட்டியலைப் பார்த்ததும் முதலில் தேடுவது, இந்த நூல் கட்டுரையில் எங்கே வேலை செய்கிறது என்பதைத்தான். வேலை செய்யாத நூலைக் கண்டால் மற்றவற்றையும் ஐயத்தோடுதான் பார்ப்பார். வாய்மொழித் தேர்வு இருக்கும் பாடமானால், திறக்காத நூலைப் பற்றியே முதல் கேள்வி வரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஜெயினை மறுபடி பார்க்க வேண்டும்

மாணவி ஜெயினைச் சுட்டவில்லை என்றேன். உண்மையிலேயே அவரிடமிருந்து எதுவும் எடுக்கவில்லையா? கட்டுரையின் நான்காம் பக்கத்தில், தோட்டத்தில் யார் எங்கே குடியிருந்தார்கள், அதிகாரி, கிராணி, கங்காணி, தொழிலாளி என்ற படிவரிசை அன்றாட வாழ்வை எப்படி ஆண்டது என்று ஒரு பத்தி இருக்கிறது. பாட்டி சொன்னது லயத்து வீட்டைப் பற்றி மட்டும். சந்துவின் நூல் குடியேற்றத்தையும் எண்ணிக்கையையும் பேசுவது. அப்படியானால் அந்தப் பத்தி எங்கிருந்து வந்தது? ஜெயினின் நூலிலிருந்துதான். சொந்தச் சொற்களில் எழுதியதால் சுட்ட வேண்டியதில்லை என்று மாணவி நினைத்துவிட்டார்.

பார்வைநூல் பட்டியலின் பெரிய ஆபத்து இதுதான். சுட்டாமல் விட்ட கடன்கள் எல்லாம் அங்கே போய் ஒளிந்துகொள்கின்றன. 'பட்டியலில் பெயர் போட்டிருக்கிறேனே' என்பது விளக்கமாகாது. ஒரு கருத்து எந்த நூலிலிருந்து வந்தது என்பதை அந்தக் கருத்து வரும் வரியிலேயே சொல்ல வேண்டும். கடைசிப் பக்கத்தில் பத்து நூல்களுக்கு நடுவே பெயரைப் போட்டால், எந்த வரி எந்த நூலுக்கு உரியது என்று யாருக்கும் தெரியாது. கருத்துத் திருட்டு என்ற குற்றச்சாட்டுக்கு இதுவே போதும்.

ஆகவே ஒரு நூலைப் பார்வைநூல் என்று ஒதுக்கும் முன், கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கேளுங்கள்: இந்த நூலை நான் படித்திருக்காவிட்டால், கட்டுரையில் எந்தப் பத்தியை என்னால் எழுதியிருக்க முடியாது? ஒரு பத்தியாவது அகப்பட்டால் அங்கே சுட்டுங்கள். நூல் மேற்கோள் பட்டியலுக்கு நகர்ந்துவிடும். எதுவும் அகப்படாவிட்டால்தான் அது உண்மையான பார்வைநூல்.

நம் மாணவி நான்காம் பக்கத்தில் ஜெயினைச் சுட்டிவிட்டால் ஏபிஏ பட்டியல் நான்காகிறது. எம்எல்ஏ-வில் சுட்டியவையும் படித்தவையும் ஒன்றாகிவிடுவதால், `Works Consulted` என்ற தலைப்புக்கே தேவை இல்லாமல் போகிறது. நேர்மையாகச் சுட்டிய கட்டுரைகளில் பார்வைநூல் பட்டியல் பெரும்பாலும் இப்படிச் சுருங்கித்தான் போகும்.

கணினி செய்யும் குழப்பம்

வேர்டில் மேற்கோள்களைச் சேர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். `References` பட்டையில் உள்ள `Bibliography` பொத்தானை அழுத்தினால் `Bibliography`, `References`, `Works Cited` என்று மூன்று தேர்வுகள் வரும். மூன்றும் மூன்று விதமான பட்டியலைத் தரும் என்று நம்பித்தான் எல்லாரும் அழுத்துகிறார்கள். மாறுவது தலைப்பு மட்டுமே. கீழே வரும் பட்டியல் ஒன்றுதான்.

அதைவிட மோசமானது, அந்தப் பட்டியலில் எவை வருகின்றன என்பது. `Manage Sources` என்பதைத் திறந்தால் இடப்பக்கம் `Master List`, வலப்பக்கம் `Current List` இருக்கும். வலப்பக்கத்தில் உள்ள அனைத்தையும் வேர்டு பட்டியலில் அச்சிடும், நீங்கள் உடலில் சுட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும். சுட்டியவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சரிக்குறி மட்டும் இருக்கும். ஆகவே `References` என்ற தலைப்பின் கீழே அம்பலவாணரும் அகராதியும் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். சரிக்குறி இல்லாதவற்றை `Current List`-இலிருந்து நீக்கிவிட்டுப் பட்டியலைப் புதுப்பியுங்கள். `Master List`-இல் அவை பத்திரமாக இருக்கும். அடுத்த இடுபணிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மேற்கோள்களைத் தொகுத்துவைக்கும் மென்பொருளான சோட்டெரோவைப் பயன்படுத்துபவர்களுக்கு நிலைமை நேர்மாறு. வேர்டுக்குள் அதன் கருவிப் பட்டை வழியாகப் பட்டியலைச் செருகினால் சுட்டியவை மட்டும் வரும். சுட்டாதவற்றை நீங்களாக `Add/Edit Bibliography` வழியாகச் சேர்க்க வேண்டும். ஆனால் சோட்டெரோவுக்குள் ஒரு தொகுப்பின் மேல் வலச்சொடுக்கு செய்து பட்டியல் உருவாக்கினால், தொகுப்பில் இருக்கும் எல்லாமே வந்துவிடும். அதை வெட்டி ஒட்டிக் கொடுத்தால் அது மேற்கோள் பட்டியல் அல்ல.

கொடுக்கும் முன் இரு பக்கமும் சரிபார்த்தல்

பட்டியலை மட்டும் தனித்தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். கட்டுரையைக் கணினியில் திறந்து, தேடுபெட்டியில் `19` என்று போட்டு ஒவ்வொன்றாக நகருங்கள், பிறகு `20`. ஆண்டு இல்லாமல் ஏபிஏ மேற்கோள் இல்லை என்பதால் அநேகமாக எல்லாமே அகப்படும். ஆண்டு தெரியாதவற்றையும் எம்எல்ஏ போன்ற பக்க எண் நடைகளையும் மட்டும் கண்ணால் படித்துத்தான் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு மேற்கோளுக்கும் தாளில் அந்தப் பதிவின் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். முடித்ததும், கோடே விழாத பதிவு சுட்டப்படாதது. தாளில் இடமே இல்லாத மேற்கோள் பட்டியலில் விடுபட்டது. பாட்டியின் பேச்சு போன்ற விதிவிலக்குகளைக் கழித்துவிடுங்கள்.

இப்படிப் பார்க்கும்போது மூன்று வகைப் பொருத்தமின்மை திரும்பத் திரும்ப வெளிப்படும். முதலாவது ஆண்டு. அரசரத்தினத்தின் நூல் 1970-இல் முதலில் வந்தது. 1979-இல் திருத்திய பதிப்பு வந்தது. நூலகத்தில் எடுத்தது ஒரு பதிப்பு, பட்டியலுக்கு இணையத்திலிருந்து நகலெடுத்தது இன்னொரு பதிப்பு என்றால், உடலில் 1970, பட்டியலில் 1979 என்று நிற்கும். கையில் இருந்த நூலின் பதிப்புரிமைப் பக்கத்தில் என்ன ஆண்டு என்பதே விடை. இரண்டு பதிப்பின் பக்க எண்களும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டாவது, பெயர். நம் பெயர்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லாததால், ராஜேஸ்வரி அம்பலவாணரை ஒருவர் ராஜேஸ்வரி என்ற பெயரின் கீழும் இன்னொருவர் அம்பலவாணர் என்ற பெயரின் கீழும் வைக்கிறார்கள். உடலில் ஒரு விதம், பட்டியலில் வேறு விதம் என்றால் வாசகர் தேடிக் களைத்துப்போவார். புலத்தின் கையேடு சொன்னபடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை மாறாதிருங்கள்.

மூன்றாவது, பெயரில்லாச் செய்தி. எழுதியவர் பெயர் இல்லாத நாளிதழ்ச் செய்தி ஏபிஏ-வில் செய்தித் தலைப்பிலிருந்து தொடங்கும். உடலிலும் அந்தத் தலைப்பின் முதல் சில சொற்களையே காட்ட வேண்டும். மாணவர்கள் உடலில் 'தமிழ் நேசன், 1938' என்று எழுதிவிட்டு, பட்டியலில் தலைப்பின் கீழ் வைத்துவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன என்பது எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும்.

தெளிவில்லாவிட்டால்

நடை என்னவென்று தாளில் இல்லை, கையேட்டிலும் இல்லை என்றால் விரிவுரையாளரிடம் கேளுங்கள். 'பிப்ளியோகிராஃபியா, ரெஃபரன்ஸா?' என்று கேட்காதீர்கள். அவரும் அந்தச் சொற்களைத் தளர்வாக ஆள்பவராக இருந்தால் பதில் உதவாது. வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்: "வணக்கம் ஐயா. இறுதிப் பட்டியலில் கட்டுரையில் மேற்கோள் காட்டிய நூல்கள் மட்டும் இருக்க வேண்டுமா, படித்த பிற நூல்களையும் சேர்க்கலாமா? சேர்ப்பதானால் தனித் தலைப்பில் கொடுக்கட்டுமா?" இதற்குத் தெளிவான பதில் வந்துவிடும்.

பதிலே வராவிட்டால் சுட்டியவை மட்டும் உள்ள பட்டியலைக் கொடுங்கள். படித்தவையும் வேண்டும் என்று நினைத்தவர் 'இன்னும் சேர்த்திருக்கலாம்' என்பார், அவ்வளவுதான். சுட்டியவை மட்டும் வேண்டும் என்று நினைத்தவரிடம் அதிகப்படியாகக் கொடுத்தால் அது பிழையாகக் கணக்கிடப்படும். இரண்டில் முதலாவதே மலிவு.

இரண்டு பட்டியலும் வேண்டும் என்று பதில் வந்தால், மேற்கோள் பட்டியலை முதலில் வைத்து, அடுத்து தனித் தலைப்பில் சுட்டாத பார்வைநூல்களை மட்டும் வையுங்கள். முதலில் வந்ததை இரண்டாவதில் மறுபடி எழுதச் சொல்லும் கையேடுகளும் உண்டு. அப்படிச் சொல்லாதவரை இரட்டிக்க வேண்டாம். இரண்டுமே பின்னிணைப்புகளுக்கு முன்னால் வர வேண்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. ஆதாரங்கள் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் இருக்கும். தமிழ்த்துறைகளில் மொழிவாரியாகத் துணைத்தலைப்பு போட்டுப் பிரிப்பது வழக்கம். அப்போது ஒவ்வொரு பிரிவும் தன் மொழியின் அகர வரிசையில் போகும். ஒரே பட்டியலாகக் கேட்டால் தமிழ்ப் பதிவுகளை முதலில் வைத்து, ரோமன் எழுத்துப் பதிவுகளை அடுத்து வைக்கலாம். ஆங்கில நூலை உடலில் 'சந்து' என்று தமிழிலும் பட்டியலில் ரோமன் எழுத்திலும் எழுதினால் மறுபடி அதே பொருத்தமின்மைதான். கட்டுரையில் முதல் முறை வரும் இடத்தில் தமிழ்ப் பெயரைச் சொல்லி, அடைப்புக்குறிக்குள் பட்டியலில் உள்ள எழுத்திலேயே பெயரையும் ஆண்டையும் போட்டுவிட்டால் வாசகருக்குத் தேடும் வேலை இல்லை.